பிறை தெரியும் முன்பே மருதாணி

நோன்புப் பெருநாள் பிறை தென்பட்டது என்ற அறிவிப்பு வந்த சற்று நேரத்திற்கெல்லாம், மருதாணி இடத் தெரிந்த பெண் இருக்கும் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். திருவண்ணாமலையில் நம் தெருக்களிலும் அதே காட்சிதான். உள்ளே கைநடுக்கமின்றிக் கோடிழுக்கத் தெரிந்த ஓர் இளம்பெண், குனிந்த தலை நிமிராமல் நள்ளிரவு வரை உழைப்பாள். ஆண்டுக்கு இருமுறை வரும் அந்த இரவும், இடையிடையே வரும் திருமணங்களுமே அவளுடைய வருமானம். இந்த ஒற்றை இரவுக் கூட்டத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இங்கு நம் கருத்து. காரணம் மருதாணி இலைக்குள்ளேயே இருக்கிறது.

இலையில் உள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் தோலின் மேலடுக்கில் ஊறிய பின், காற்றுப்பட்டு மெல்ல மெல்லத்தான் கருக்கும். உதிர்த்தவுடன் தெரிவது ஆரஞ்சு நிறம். மறுநாள் அது செம்மையாகும். நாற்பத்தெட்டு மணி நேரம் கழிந்த பிறகே அடர்ந்த செம்பழுப்பாக நிற்கும். ஆகவே பெருநாள் இரவில் இட்ட அசல் மருதாணி, பெருநாள் காலையில் வெளிறியே இருக்கும். தொழுகை, விருந்து, உறவினர் வருகை எல்லாம் முடிந்த மூன்றாம் நாள்தான் அதன் அழகு முழுமை பெறும். இதை அறியாத தாய்மார்கள், "உன் கோன் பிடிக்கவில்லையே, கடைக் கோன் பத்து நிமிடத்தில் சிவக்கிறதே" என்று அந்தப் பெண்ணைக் குறை சொல்கிறார்கள். அடுத்த பெருநாளுக்கு அவளும் கடைக் கோனையே வாங்கி வைக்கிறாள். அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, கேட்டது நாம்தான்.

அந்தக் கோனில் என்ன இருக்கிறது? குழைத்த அசல் மருதாணி, அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள்களில் வீரியம் இழந்துவிடும். மாதக்கணக்கில் கடை அலமாரியில் கிடந்தும் நிமிடங்களில் சிவக்கும் ஒன்று, இலையை மட்டும் கொண்டதாக இருக்க வழியில்லை. கருநிறம் தருபவற்றில் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கப்படும் பிபிடி என்னும் இரசாயனம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அதன் தீங்கு முதல் முறையிலேயே தெரியாமல் போகலாம் என்பதுதான் ஆபத்து. உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் முடிச்சாயம் பட்டாலும் கொப்புளம் எழக்கூடும். அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுதும் தொடரும். நம் வீட்டிலேயே ஒரு பெருநாளுக்கு மூன்றாம் நாள், பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் புறங்கையில் வரைந்த கொடி அப்படியே கொப்புளமாக எழுந்து நின்றதைக் கண்டோம். கொப்புளம் ஆறியது, கொடியின் தடம் பல மாதங்கள் மறையவில்லை.

அசல் கலவை கடினமானதன்று. பொறுமை மட்டும் வேண்டும். ராஜஸ்தானின் சோஜத் பகுதித் தூள் பெயர் பெற்றது. 2021-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நன்கு சலித்த தூள் நூறு கிராமுக்குச் சர்க்கரை இருபத்தைந்து கிராம், நீலகிரித் தைலம் முப்பது மில்லி, எலுமிச்சைச் சாறும் நீருமாகச் சுமார் முந்நூறு மில்லி என்பது ஓர் அளவு. குழைத்து மூடி, நம் ஊர்ப் பங்குனி வெயில் காலத்தில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் வைத்தால் சாயம் வெளிப்படும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துச் சில நிமிடங்களில் துடைத்தால் ஆரஞ்சுத் தடம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். பின் மெல்லிய நைலான் துணியில் வடிகட்டிக் கோனில் அடைக்கலாம். வடிகட்டாவிட்டால் ஒரு சிறு திப்பி நுனியை அடைத்து, கோடு நடுவில் வெடித்துப் பரவும். எவ்வளவு உறுதியான கையும் அங்கே தோற்கும். இந்த அளவில் இருபத்தைந்து கிராம் கோன் பதினைந்து கிடைக்கும். உடனே பயன்படுத்தாதவற்றைக் குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. சிறுமிகளுக்கான கலவையில் தைலத்தை விட்டுவிடுவது நல்லது; நிறம் சற்றுக் குறையும், அவ்வளவே. கைக்குழந்தைகளுக்கு மருதாணியே வேண்டாம்.

இனி வருமானத்தைப் பார்ப்போம். பெருநாள் இரவில் மாலை ஆறு முதல் பன்னிரண்டு வரை அவள் அமர்வதாகக் கொள்வோம். மஹ்ரிபும் இஷாவும் உணவும் ஒரு மணி நேரம் எடுக்கும். எஞ்சிய ஐந்து மணி நேரத்தில், கைக்குப் பதினைந்து நிமிடம் என்றால் இருபது கைகள், அதாவது பத்துப் பேர். கைக்கு நூறு ரூபாய் என வைத்தால் இரண்டாயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரே இரவில் அவளால் ஈட்ட முடியாது, வாசலில் ஐம்பது பேர் நின்றாலும். விரைந்து முடிக்க முயன்றால் கோடு கெடும். திருப்பி அனுப்பினால் மனம் வருந்துவார்கள். அதே ஐம்பது பேர் நோன்பு இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது என மூன்று நாள்களில் பகிர்ந்து வந்தால், அவளுக்கு முப்பது பேர் கிடைப்பார்கள். வருமானம் மூன்று மடங்காகும். பெருநாளன்று பலர் கைகளில் நிறமும் முதிர்ந்திருக்கும்.

கடைசிப் பத்து இரவுகள் வணக்கத்திற்குரியவை, அவற்றை மருதாணியில் கழிப்பதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நோன்பு நாளின் முற்பகல் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. மருதாணி இடுவதால் நோன்பு முறியாது. அடுப்பு வேலையும் உண்ணும் வேலையும் இல்லாததால் கை சும்மா இருக்கும் ஒரே காலமும் அதுதான். காலை ஏழு மணிக்கு இட்டால், லுஹருக்கு ஒளூச் செய்யும் முன் ஐந்து மணி நேரம் ஊறிவிடும். காய்ந்த பசையை உதிர்த்துவிட்டு ஒளூச் செய்ய வேண்டும். தோலில் தங்கும் சாயம் நீரைத் தடுக்காது. சில உடனடிக் கோன்கள் தோலின் மேல் ஏடுபோல் படிந்து பின்னர் உரிகின்றனவே, அவற்றைப் பற்றித்தான் ஒளூ விஷயத்தில் நாம் கவலைப்பட வேண்டும்.

நம் ஊரின் இந்துத் திருமண வீட்டார் இதில் நம்மைவிடத் தெளிவு. முகூர்த்தத்திற்கு இரண்டு நாள் முன்பே மணப்பெண்ணை மருதாணிக்கு அமர்த்துகிறார்கள். முழங்கை வரையும் பாதங்களிலுமாக ஐந்து மணி நேர வேலை. கையில் நிறம் முதிரும் நேரமும் முகூர்த்த நேரமும் ஒன்றிவிடும். ஆடியிலும் மார்கழியிலும் அவர்கள் வீடுகளில் திருமணம் இராது. ரமலானில் நம் வீடுகளில் பெரும்பாலும் இராது. பெருநாளோ ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னோக்கி நகர்கிறது: 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. 2030களின் தொடக்கத்தில் அது மார்கழியைத் தொடும். முகூர்த்தமே இல்லாத மாதத்தில் பெருநாள் வருவது இந்தத் தொழிலுக்கு வரவுதான்.

சந்தையில் குவிந்திருந்த தானியத்திற்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சி நாம் அறிந்ததே. கோனிலும் அப்படிச் செய்யலாம். குழைத்த நாளையும் சேர்த்த பொருள்களையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டட்டும். நாமும் கையை நீட்டும் முன் அந்தச் சீட்டைக் கேட்போம்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறைக் குழப்பம் ஒரு சாக்காகலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அதுவும் இல்லை. துல்ஹஜ் பிறை தெரிந்த அன்றே பத்தாம் நாள் எது என்று தெரிந்துவிடும். எனவே இந்த வழக்கத்தை அங்கிருந்தே தொடங்கலாம்: அரஃபா நாளுக்கு முன், துல்ஹஜ் ஏழிலோ எட்டிலோ முன்பதிவு, பெருநாள் இரவில் சிறுமிகளுக்கு மட்டும் உள்ளங்கையில் ஒரு சிறு பூ.