நன்றியை நானே எழுதுகிறேன்



அல்ஹம்துலில்லாஹ், போன கிழமை எனது நிகாஹ் நடந்தது. அறிவித்த நாளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் துஆச் செய்து எழுதினீர்கள். சோனகத் தெருவிலிருந்தும், புத்தளத்தில் இன்னும் இருக்கும் எங்கட சொந்தங்களிடமிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும், என்னோடு கற்பிக்கும் தமிழ் ஆசிரியர்களிடமிருந்தும், பிள்ளைகளிடமிருந்தும் வாழ்த்து வந்தது. தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து, ஜஸாக்குமுல்லாஹு ஹைரா.

இந்த நன்றியை எழுதப் போகிறேன் என்றதும் பெரியவர் ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். "மகள், பொம்பிளை எழுதத் தேவையில்லை. வாப்பா எழுதட்டும், இல்லாட்டி மாப்பிள்ளை எழுதட்டும்." அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் நானே எழுதுகிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களை வெளியேற்றியபோது, உம்மாவின் திருமணப் பத்திரமும் வீட்டோடு போய்விட்டது. பல வருடங்களுக்குப் பிறகு அதன் பிரதியை எடுத்தோம். வாப்பாவின் கையொப்பம் இருந்தது. உம்மாவின் வாப்பா, அதாவது வலி, கையொப்பமிட்டிருந்தார். நிகாஹை நடத்தி வைத்தவருடையதும் இருந்தது. உம்மாவின் கையொப்பத்தை மட்டும் காணவில்லை. "எப்பிடி மகள் இருக்கும்? என்னட்ட ஒருத்தரும் கேட்கேல்லையே" என்றா உம்மா.

அது எழுதினவரின் தவறு இல்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையொப்பத்தைக் கேட்பதே இல்லை. சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை கையளிக்கப்பட்டது 2018 இல். உம்மாவின் பத்திரத்தில் இல்லாத இடம் எனது பத்திரத்திலும் இல்லை. நான் மாணவர்களின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிடுகிறேன். வங்கிக் கடனுக்குக் கையொப்பமிடுகிறேன். எனது நிகாஹுக்கு மட்டும் எனது கை தேவையில்லையாம்.

"மௌனமே சம்மதம் என்று ஹதீஸ் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதை முழுதாக வாசியுங்கள். கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும், அவளது மௌனம் அவளது அனுமதி என்பதுதான் அதன் கருத்து. கேட்ட பிறகுதான் மௌனத்துக்குப் பொருள். கேட்காத இடத்தில் மௌனம் வெறும் மௌனம். கன்ஸா பின்த் கிதாம் என்ற ஸஹாபிப் பெண்ணை, ஏற்கெனவே மணமாகியிருந்த அவரை, அவர் விரும்பாத நிலையில் தகப்பனார் மணமுடித்துக் கொடுத்தார். அவர் முறையிட்டபோது நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். புகாரியில் இருக்கிறது.

வலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் வாப்பாதான் வலி. வலியின் கையொப்பத்துக்குப் பக்கத்தில் மணமகளின் கையொப்பமும் வந்தால் எந்த மார்க்கம் குறையப் போகிறது? பாகிஸ்தானின் நிக்காஹ் நாமாவில் மணமகள் கையொப்பமிட இடம் இருக்கிறது. அங்கே நிகாஹ் செல்லாமல் போகவில்லை.

இதில் உள்ள ஆபத்து பின்னால்தான் தெரியும். ஒரு பிள்ளை நாளைக்கு காதியாரிடம் போய் "நான் சம்மதிக்கவில்லை" என்றால், அவளிடம் கேட்டதற்கோ கேட்காததற்கோ எழுத்தில் ஒன்றும் இருக்காது. "மஹர் இவ்வளவு என்று எனக்குச் சொல்லவில்லை" என்றாலும் அப்படித்தான். கைக்கூலியைப் பாருங்கள். மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவது என்றுதான் அதே சட்டம் அதை வரையறுக்கிறது. அதைத் திருப்பிக் கேட்டு காதியாரிடம் போகவும் அவளுக்கு வழி இருக்கிறது. தன் பேரில் என்ன கொடுத்தார்கள், என்ன எழுதினார்கள் என்று பார்க்காதவள் எதைக் காட்டிக் கேட்பாள்?

நான் செய்ததைச் சொல்கிறேன். நிகாஹுக்கு முன்பே படிவத்தைக் கேட்டு வாங்கி வாசித்தேன். மஹர்த் தொகையைப் பார்த்தேன். பிறகு ஒரு தாளில் எனது சம்மதத்தையும் மஹரையும் எழுதி, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் கையொப்பமிட்டேன். வாப்பா முகம் சுளிக்கவில்லை. "நல்லது மகள்" என்று முதலில் சொன்னதே அவர்தான். அந்தத் தாள் பதிவேட்டுக்குச் சமமாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டார்கள், நான் ஆம் என்றேன் என்பதற்கு எனது கையெழுத்து இருக்கிறது.

வாழ்த்தியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அடுத்த நிகாஹ் வரும்போது படிவத்தை முதலில் பொம்பிளையின் கையில் கொடுங்கள். எனக்கு நீங்கள் தரும் மிச்ச அன்பளிப்பு அதுவாக இருக்கட்டும்.

எங்கள் இருவருக்காகவும் துஆச் செய்யுங்கள். இந்த நன்றிக்குக் கீழே கையொப்பமிடுவது மணமகள்.