பெற்றோர் பெயர் மாறியிருந்தால் சேர்க்கையை நிறுத்தலாமா?

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் அஞ்சும் வார்த்தை ஒன்று உண்டு: “டி.சி.யில அப்பா பேரு வேற, மெமோவுல வேற. சரி பண்ணிட்டு வாங்க.” சான்றிதழ்களை முழுதாகப் படித்துப் பார்க்காமல் இந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை எந்தச் சேர்க்கை அலுவலகத்துக்கும் இருக்கக் கூடாது.

நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் பெயர் எழுதும் வழக்கங்கள் இரண்டு. தெலுங்கர்களுக்கு வீட்டுப் பெயர் முன்னால் வரும். தமிழர்களுக்கு வீட்டுப் பெயரே கிடையாது, தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் இனிஷியல். நகரியில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லைக்கு அப்பால் திருத்தணியில் படித்தபோது வாங்கிய டி.சி.யில் தந்தை ‘கோ. முனுசாமி’. ஆந்திரப் பத்தாம் வகுப்பு மெமோவில் அதே மனிதர் ‘முனிஸ்வாமி’. விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்று கட்டம் இருந்ததால், யாரோ தாத்தாவின் பெயரை அதில் நிரப்பி, ‘கோவிந்தசாமி முனிசாமி’ ஆக்கிவிட்டார்கள். தாயின் நிலை இன்னும் சிக்கல். அவருடைய பழைய சான்றிதழில் அவர் அப்பாவின் இனிஷியல். மகளின் பிறப்புச் சான்றில் கணவரின் இனிஷியல். வீட்டில் செல்வி, ஏட்டில் தமிழ்ச்செல்வி. ஆள் ஒருவர்தான்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. சேரப் போவது மாணவி. எனவே அவருடைய பெயர், பிறந்த தேதி, டி.சி.யில் குறித்த அங்க அடையாளங்கள், பள்ளி மாறிய தேதிகள் ஆகியவை முதலில் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பள்ளியை விட்ட தேதியும் அடுத்த பள்ளியில் சேர்ந்த தேதியும் இடைவெளியின்றித் தொடர்ந்தால், அவர் யார் என்ற கேள்வி அநேகமாக அங்கேயே தீர்ந்துவிடும். மிஞ்சுவது எழுத்து வேறுபாடு. அதற்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழித் தாள் போதும்.

பல மேசைகளில் ஆதாரை எடுத்துவைத்து, அதில் உள்ள பெயர்தான் சரியென்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆதார் சரிபார்க்கும் விவரங்கள் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி ஆகியவை. அதில் ‘C/O’ என்று வரும் பெயர் முகவரியின் ஒரு பகுதி மட்டுமே. தாத்தாவோ மாமாவோகூட அங்கே இருக்கலாம். தந்தை யார் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்வது தவறு.

உண்மையிலேயே வேறு மனிதரின் பெயர் இருந்தால்? அகெல்லா லலிதா வழக்கு ஆந்திரத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் சென்றது. கணவர் இறந்தபின் மறுமணம் செய்த தாய், மகனுக்குப் புதிய குடும்பப் பெயரைக் கொடுத்தார். ஆவணங்களில் இரண்டாம் கணவரை ‘மாற்றாந்தந்தை’ என்று குறிக்க வேண்டும் என உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது குழந்தையின் மனதையும் சுயமதிப்பையும் எண்ணிப் பாராத, கொடுமைக்கு நிகரான உத்தரவு என்று 2022 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்றது. அந்தச் சிறுவனுக்குப் பதிவு செய்த தத்துப் பத்திரம் இருந்தது. சேர்க்கை அலுவலர் கேட்க வேண்டியது அப்படிப்பட்ட இணைப்புத் தாளைத்தான். அதையும் தனியறையில், தாயிடம் கேட்க வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் அல்ல.

பொய்ச் சான்றிதழ் நுழைந்துவிடும் என்ற அலுவலர்களின் அச்சம் நியாயமானது. சாதிச் சான்றிலும் கட்டணச் சலுகையிலும் தந்தை பெயர் முக்கியம்தான். ஆனால் மாணவியின் பிறந்த தேதியே மாறுவது, ஒரே காலத்தில் இரு பள்ளிகளில் படித்ததாகத் தேதி காட்டுவது, டி.சி.யில் அடித்துத் திருத்திய இடத்தில் தலைமையாசிரியரின் கையெழுத்து இல்லாதது ஆகியவைதான் சந்தேகத்துக்குரிய தடயங்கள். அப்போது டி.சி. கொடுத்த பள்ளிக்கே எழுதி, சேர்க்கைப் பதிவேட்டு நகலைக் கல்லூரி நேரடியாகக் கேட்கட்டும்.

திருத்தம் என்பது வேறு வேலை. டி.சி. பள்ளிப் பதிவேட்டை ஒட்டி எழுதப்படுவது. மெமோவைத் திருத்த வேண்டுமானால் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும். சேர்க்கையின் கடைசி நாளுக்குள் இது முடியாது. பெற்றோர் பெயர்த் திருத்தம் கேட்டு ஒரு மாணவி தொடுத்த ஜிக்யா யாதவ் வழக்கில், பள்ளிப் பதிவேட்டோடு ஒத்துவரும் திருத்தத்தைச் சி.பி.எஸ்.இ. செய்து தர வேண்டும் என்று 2021 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. வாரியத்தோடு அதற்காக அந்த மாணவி உச்ச நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. அந்தச் சுமையை இரண்டே நாளில் முடித்து வரச் சொல்லி ஒரு கூலித் தொழிலாளியின் மகளிடம் தள்ளுவது அநீதி.

திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் இரு மாவட்டக் கல்லூரிகளும் அடுத்த சேர்க்கைக்கு முன் எழுத்துப்பூர்வமான நெறிமுறை வெளியிட வேண்டும். எழுத்து, இனிஷியல் வேறுபாட்டுக்கு உறுதிமொழியோடு உடனடிச் சேர்க்கை; ஆளே மாறினால் தற்காலிகச் சேர்க்கை, இணைப்புத் தாளுக்கு ஒரு பருவம் அவகாசம். மறுப்பதானால் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அதுவரை, பெற்றோரே, “சரி பண்ணிட்டு வாங்க” என்று வாய்மொழியாகச் சொன்னால் திரும்பிவிடாமல், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.