"பிழை பார்த்துத் தாங்க சேர்" என்று அனுப்புகிறவர்களுக்கு



எங்களைப் போன்ற தமிழ் ஆசிரியர்களின் போனுக்கு மாதம் தவறாமல் வரும் ஒரு செய்தி இருக்கிறது. கோயில் திருவிழா மலர், பாடசாலை சஞ்சிகை, பள்ளிவாசல் நினைவு மலர், ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவரின் வாழ்க்கைக் கதை என்று ஏதோ ஒன்று இணைத்திருக்கும். கீழே ஒரே வரி: "பிழை பார்த்துத் தாங்க சேர், நாளைக்கு அச்சுக்குப் போகுது."

எது பிழை என்று எவரும் சொல்வதில்லை. பேச்சை அப்படியே விடவேண்டுமா, எழுத்துத் தமிழாக மாற்றவேண்டுமா என்றும் சொல்வதில்லை. மாற்றிக் கொடுத்தால் "எங்க ஆச்சி பேசின மாதிரியே இல்லையே" என்கிறார்கள். விட்டுக் கொடுத்தால் "வாத்தியார் ஒழுங்கா பார்க்கல்ல" என்கிறார்கள். இது திருத்துகிறவர்களின் வசதி பற்றிய முறைப்பாடு மட்டுமல்ல. சொல்லாமல் அனுப்புவதால் நம் தோட்டங்களின் வரலாறு அச்சில் பிழையாகப் பதிகிறது. அதைக் காட்டத்தான் இந்தப் பதிவு.

ஒரு மாதிரியைப் பாருங்கள். இது எவருடைய எழுத்தும் அல்ல. வழமையாக வருகிற வகைக்கு நாமே எழுதியது. வயதான பெண் ஒருவர் சொல்ல, பேரப்பிள்ளை எழுதியது என்று வைத்துக்கொள்வோம்:

"வெள்ளன பெரட்டுக்கு போவனும். கங்காணி பேர் போடுவாரு. பணியில நின்னு கொழுந்து எடுப்போம். நிறுவை கொறஞ்சா அரைப்பேர் தான்."

தோட்டம் தெரியாத, ஆனால் இலக்கணம் நன்கு தெரிந்த ஒருவரிடம் இதைக் கொடுத்தால் இப்படித் திரும்பி வரும்:

"அதிகாலையில் புரட்டுக்குப் போகவேண்டும். கங்காணி பெயர் இடுவார். பணியில் நின்று கொழுந்து எடுப்போம். நிறை குறைந்தால் அரைப் பெயர்தான்."

இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. பொருளில் மூன்று இடம் உடைந்துவிட்டது. பெரட்டு என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பது. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் அப்படி ஆனது. புரட்டு என்றால் ஏமாற்று. பேர் போடுவது என்றால் அன்றைய வேலையைச் செக்ரோலில் பதிவது. அதனால் பேர் என்பதே ஒரு நாள் சம்பளத்தைக் குறிக்கும். கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளம், அதுதான் அரைப்பேர். 'அரைப் பெயர்' என்று எழுதினால் எந்தத் தமிழனுக்கும் பொருள் விளங்காது. அந்தப் பெண் சொன்னதில் மிக முக்கியமான தகவல், உழைத்தும் பாதிச் சம்பளம் என்பது, அந்த ஒரு திருத்தத்தில் காணாமல் போகிறது.

மூன்றாவது இடம்தான் மோசமானது. 'பணியில நின்னு' என்று பிள்ளை எழுதியிருக்கிறது. பணி என்றால் வேலை, வாக்கியம் சரியாக ஓடுகிறது, எவரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் நுவரெலியாவில் கொழுந்து பறித்த ஒரு மூதாட்டி தன் வேலையைப் 'பணி' என்று சொல்லியிருப்பாரா? வேலை என்றுதான் சொல்லியிருப்பார். அவர் சொன்னது பனி. விடியற்காலைக் குளிரில் நின்றதை அவர் சொன்னார்; பிள்ளை மூன்று சுழி ண போட்டுவிட்டது. இலக்கணம் பார்த்தவர் அதைப் 'பணியில்' என்று அழகாக்கிப் பிழையை நிரந்தரமாக்கிவிட்டார்.

"அப்படியானால் பேச்சுத் தமிழில் கையே வைக்கவேண்டாம்" என்று சிலர் மறுபக்கம் பாய்கிறார்கள். அதுவும் தவறு. கை வைக்காமல் விட்டிருந்தால் 'பணி' அப்படியேதானே அச்சாகும்? பேச்சு வேறு, எழுத்துப்பிழை வேறு. மேலே உள்ள நான்கு வரியில் திருத்தவேண்டியவை நான்கே நான்கு:

"வெள்ளன பெரட்டுக்குப் போவணும். கங்காணி பேர் போடுவாரு. பனியில நின்னு கொழுந்து எடுப்போம். நிறுவை கொறஞ்சா அரைப்பேர்தான்."

'பெரட்டுக்குப்' என்பதில் ப் வரவேண்டும். அது பண்டிதர் போட்ட விதி மட்டுமல்ல, சொல்லிப் பாருங்கள், பேச்சிலும் அந்த அழுத்தம் கேட்கும். 'போவணும்' என்பதில் வருவது 'வேண்டும்' என்பதன் ண். அதனால் மூன்று சுழி. பனிக்கு இரண்டு சுழி. 'தான்' முன்சொல்லோடு சேரும். இவ்வளவுதான். அந்தப் பெண்ணின் ஒரு சொல்லும் மாறவில்லை, ஒரு எழுத்துப்பிழையும் மிஞ்சவில்லை.

இந்தச் சண்டை புதிதல்ல. 1960களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பண்டிதர்கள் கதைகளில் வந்த சாதாரண மக்களின் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கினார்கள். க. கைலாசபதி, கா. சிவத்தம்பி போன்றோர் அதை எதிர்த்து நின்றார்கள். மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்தப் பாடல்களை எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருந்தால் என்ன ஆகும்? 'வருது' என்பது மூன்று எழுத்து, 'வருகிறது' ஐந்து எழுத்து. தாளம் அங்கேயே தட்டும்.

"பேச்சுத் தமிழை அச்சில் போட்டால் பிள்ளைகள் பரீட்சையிலும் அப்படியே எழுதிவிடும்" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரையும், பிரதேச செயலகத்துக்கு எழுதும் மனுவும், தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதமும் எழுத்துத் தமிழில்தான் இருக்கவேண்டும். அங்கே 'கொறஞ்சா' என்று இருந்தால் நாமே சிவப்பு மை போடுவோம். ஆனால் ஒருவர் வாயால் சொன்ன அனுபவம் மனு அல்ல. அங்கே 'குறைந்தால்' என்று மாற்றுவது அவர் சொல்லாததை அவர் பெயரில் எழுதுவது. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியாது என்பதால்தான் எந்த அளவுகோல் என்று சொல்லுங்கள் என்கிறோம்.

"ஆசிரியருக்கு அது தெரியாதா?" என்று கேட்காதீர்கள். திருத்துகிறவர் யாழ்ப்பாணத்தவராக இருந்தால் 'போறேன்' என்பதை அவர் கை தன்னறியாமல் 'போறன்' ஆக்கும். எங்கள் முஸ்லிம் வீட்டுக் கதையில் 'உம்மா', 'நோம்பு' என்று வருவதை வேறொருவர் 'அம்மா', 'நோன்பு' ஆக்குவார். அவரவர் காதுக்கு அவரவர் ஊர்தான் சரி. எழுதியவர் சொல்லாவிட்டால் திருத்துகிறவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

2023இல் நாம் மலையகத்துக்கு 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்தோம். அதன்பிறகு பாட்டன் பாட்டியின் கதையை எழுதும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். சந்தோஷம். இனி அனுப்பும்போது மூன்று வரி சேர்த்து அனுப்புங்கள்.

முதல் வரி: எந்தப் பகுதி ஒருவர் பேசியது, எந்தப் பகுதி நீங்கள் எழுதியது. பேசியதில் சொல்லையும் முடிவையும் தொடக்கூடாது, எழுத்துப்பிழை மட்டும் திருத்தலாம் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது வரி: தொடக்கூடாத சொற்கள். பெரட்டு, அரைப்பேர், லயம், இஸ்தோப்பு என்று பட்டியல் கொடுங்கள். ஹட்டனா அட்டனா என்பதையும் முடிவு செய்து ஒரே மாதிரி எழுதுங்கள்.

மூன்றாவது வரி: சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது. ஒலிப்பதிவு இருந்தால் அதையும் அனுப்புங்கள். பனியா பணியா என்பதை எந்த இலக்கண நூலும் சொல்லாது, ஆச்சிதான் சொல்லவேண்டும்.

திருத்துகிற எங்கள் தரப்புக்கும் ஒன்று. இந்த மூன்று வரி இல்லாமல் வந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். "நாளைக்கு அச்சு" என்றால், அச்சு ஒரு நாள் பொறுக்கட்டும். அச்சில் போன 'பணி'யைத் திருத்த அடுத்த தலைமுறையில் ஆச்சி இருக்கமாட்டார்.