மலையூர் மாணவருக்கு எட்டு ஜிபி ஏன்?

தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்கு அண்மையில் வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் 8 ஜிபி ரேம், அதாவது இயங்கும் நிரல்களைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகம், இருப்பது சரியான அளவாகும். விண்டோஸ் 11 ஏறத்தாழ 3 ஜிபியை எடுத்துக்கொள்ள, உலாவியில் திறந்திருக்கும் இருபது டேப்கள், ஒவ்வொன்றும் 100 முதல் 200 எம்பி வரை கேட்பதால், மேலும் 2 முதல் 4 ஜிபியை நிரப்புகின்றன; எஞ்சியதில் கட்டுரை எழுதும் மென்பொருளும் பிடிஎஃப் பாடநூலும் ஓரளவு இடம்பெறும். 4 ஜிபி மட்டுமே உள்ள கணினியிலோ, இடம் போதாத நிலையில், உலாவி பயன்படுத்தாத டேப்களின் உள்ளடக்கத்தை நினைவகத்திலிருந்து நீக்கிவிட்டு, மீண்டும் தொடும்போது இணையத்திலிருந்தே அவற்றைத் திரும்பப் பெறுகிறது. நகரத்தில் சில நொடித் தாமதமாக முடியும் இச்செயல், சித்தேரி போன்ற மலையூரில் அலைபேசிச் சமிக்ஞை அறுந்த வேளையில் நிகழ்ந்தால், காலையில் திறந்துவைத்த பாடப்பக்கம் மாலையில் வெற்றுத்திரையாகிவிடும். டேப் மாறும்போதெல்லாம் பக்கம் மறுபடி ஏற்றப்படுவதும், Task Manager திரையில் Memory 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்பதும் இப்பற்றாக்குறையின் அறிகுறிகளாகும். ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கமோ மெய்நிகர் கணினியோ பயில்வோருக்கு 16 ஜிபி தேவைப்படும். ஆயினும் சில மாதிரிகளில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், கூடுதல் ரேம் பொருத்தும் இடம் உண்டா என்பதை அந்த ரேமை வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.