சேற்றுக் குமிழிகள்

வேளாண்மைக்குள் காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழி வருகிறதே, அதில் இருப்பது மெதேன் வாயு. தண்ணீர் தேங்கினால் மண்ணிலுள்ள ஒட்சிசன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். சில நாள் கழித்து, அழுகும் வைக்கோலிலிருந்து வரும் அசற்றிக் அமிலத்தையும் ஐதரசனையும் மெதேனாக்கும் நுண்ணங்கிகள் வேலையைத் தொடங்கும். (மாட்டின் இரைப்பையில் இருப்பதும் இவற்றின் சொந்தக்காரர்தான்!) வாயுவில் பெரும்பங்கு பயிரின் தண்டுக்குள்ளால்தான் வெளியேறுகிறது.

இவற்றுக்கு ஒட்சிசன் ஆகாது. வயலில் துளையிட்ட குழாயொன்றைப் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் மெதேன் ஏறத்தாழப் பாதியாகும். பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடக்கூடாது.

வட்டையில் எந்நேரமும் தண்ணீர் நிற்கவேண்டும் என்று நாம் அடம்பிடிப்பது தேவையில்லாதது. ஆனால், காயவிட்டால் களை கூடும். வாய்க்காலின் கடைசியில் செய்கிறவருக்கு அடுத்த தண்ணீர் எப்போது வருமென்றே தெரியாது. அவரிடம் இதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.