பதினாலாம் பல் எந்தப் பல்லுங்க?

உலகத்துல பெரும்பாலான நாடுகள் பல்லை ஒரு கணக்குல எண்ணுது. அமெரிக்கா மட்டும் தனிக் கணக்கு. இதுல மாட்டி முழிக்கிறது நம்மள மாதிரி ரெண்டு ஊருக்கும் பொட்டி தூக்கற ஜனங்கதான்.

குமுளியில எழுதின சீட்டைக் கம்பத்துல காட்டலாம், கொழிஞ்சாம்பாறை சீட்டைப் பொள்ளாச்சியில காட்டலாம். மாநிலம் மாறினாலும் கணக்கு மாறாது. இந்தியாவில் பெரும்பாலும் எஃப்.டி.ஐ முறைதான். அதுல பிள்ளையோட வாயை நாலாப் பிரிக்கணும். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. பால் பல்லுன்னா அதே வரிசையில 5, 6, 7, 8. அடுத்த எண், நடுவில இருந்து அது எத்தனையாவது பல்லுன்னு சொல்லும். அதனால 14ஐப் பதினாலுன்னு படிக்கக் கூடாது, "ஒண்ணு நாலு"ன்னு படிக்கணும்.

அமெரிக்காவில பதினாலு, பதினாலேதான். மேல் வலது ஞானப்பல்லை 1ன்னு வச்சு, மேல் இடது ஞானப்பல் 16 வரைக்கும் போய், அதுக்கு நேர் கீழே 17ன்னு இறங்கி, சுத்தி வந்து கீழ் வலதுல 32ல முடிப்பாங்க. பால் பல்லுக்கு எண்ணே கிடையாது, இருபது ஆங்கில எழுத்து.

போன வருஷம் சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு பாலக்காட்டுல இருந்து இங்க வந்துச்சு. பல்லுக்குக் கம்பி போடணும். கூட வந்த கடிதத்துல "14, 24 எடுக்கவும்"னு மட்டும் இருந்துச்சு. ஊர்க் கணக்குல அது மேல்வரிசையில ரெண்டு பக்கமும் கோரைப் பல்லுக்கு அடுத்த பல். கம்பிக்கு இடம் பண்ண வழக்கமா எடுக்கறதுதான். இங்கத்துக் கணக்குல படிச்சா? 14 மேல் இடது பக்கத்து ஆறு வயசுக் கடைவாய்ப் பல். 24 கீழ் இடது முன் பல்! நல்ல டாக்டர் வாயைப் பார்த்ததும் சந்தேகப்படுவார். ஆனா அந்தச் சந்தேகத்தை நம்பியா பல்லை விடறது?

"அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவார்"னு சொல்ற அண்ணன்மாருக்கு ஒரு கேள்வி. எந்தக் கணக்குன்னு கடிதத்துல இல்லாதப்ப அவர் எதை வச்சுப் பார்ப்பார்? 32க்கு மேல போனா அமெரிக்க எண் இல்ல. 9, 19, 30 மாதிரி 0 இல்லேன்னா 9ல முடிஞ்சாலோ, ஒத்தை எண்ணா இருந்தாலோ அது எஃப்.டி.ஐ இல்ல. ஆனா 11-18, 21-28, 31, 32 ரெண்டு கணக்குலயும் இருக்கு. வில்லங்கமே அங்கதான்.

இன்னொண்ணு. சீட்டுல 85ன்னு இருந்தா கீழ் வலது பால் பல். அதுக்குப் பின்னாடியே ஒட்டி முளைக்கிற 46 நிரந்தரப் பல். ஆறு வயசுல எந்தப் பல்லும் விழாமலே அது வர்றதால, பால் பல்லுதானே, சொத்தைன்னா விழுந்துரும்னு ஊர்ல விட்டுடறாங்க. விழுந்தா மறுபடி முளைக்காது.

டாக்டர் சார், எண்ணுக்குப் பக்கத்துல "மேல் வலது, முதல் முன்கடைவாய்ப்பல்"னு மூணு நாலு வார்த்தை எழுதிட்டா என்ன குறைஞ்சுடும்? எழுதலேன்னா, கிளம்பறதுக்கு முன்னாடி எழுதி வாங்குங்க மக்களே.