இரங்கலும் இறங்கலும்

ரகரமும் றகரமும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றிவிட்டமையால் எழுத்திலும் ஒன்றே போதும் என்பார் உளர். அக்கருத்து ஒலியை மட்டும் நோக்கிச் சொல்லாக்கத்தை மறந்ததாகும்.

தொல்காப்பியம் றகரத்தை வல்லினத்திலும் ரகரத்தை இடையினத்திலும் வைத்தது. வல்லினமாதலின் றகரம் இரட்டிக்கும், ரகரம் இரட்டிக்காது. 'ஆறு' என்பது 'ஆற்றங்கரை' எனவும், 'மாறு' என்பது 'மாற்று' எனவும் வருவது இதனாலேயே. 'ஆரு', 'மாரு' என எழுதின் இவ்விரட்டிப்புக்குக் காரணம் காட்ட இயலாது.

இரங்கற் கூட்ட அழைப்பிதழ்களில் 'இறங்கல்' என அச்சிடப்படுவதுண்டு. இரங்குதல் வருந்துதல், அதன் பெயர் இரக்கம். இறங்குதல் கீழே வருதல். அதன் பெயர் இறக்கம். பிழை வடிவமோ மறைந்தவர்க்கு வருந்துவதை விடுத்துப் படியிறங்குவதைக் குறிக்கின்றது.

இரட்டிப்புச் சோதனை எல்லாச் சொற்களுக்கும் உதவாது என்பது உண்மையே. 'கரை', 'கறை' என்பவற்றுள் எதுவும் இரட்டிப்பதில்லை. அங்கே மலையாளம் துணைநிற்கும். 'கர', 'கற' எனும் இரண்டையும் அம்மொழியினர் இன்றும் வேறாகவே ஒலிக்கின்றனர். வேட்டியின் கரையும் வேட்டியிற் படிந்த கறையும் ஒன்றெனக் கொள்வார்க்கே ஓரெழுத்துப் போதும்.